கேரண்டி, வாரண்டி, கடையின் பொறுப்பு: பழுதான பொருளுக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

அக்கா வீட்டுக்கு வந்த புது வாஷிங் மெஷின், முதல் நாளே துணி பிழியும்போது இடத்தை விட்டு நகர ஆரம்பித்தது. முன்பக்கக் கதவுள்ள மாடல். "புதுசுன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்" என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டிவிட்டாள். 19-ஆம் நாள் உள்ளே ஏதோ முறிந்த மாதிரி ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தாள். வந்த டெக்னீஷியன் மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்ததுமே, "ட்ரான்ஸிட் போல்ட்டைக் கழட்டவே இல்லையே மேடம்" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை மெஷினுக்குள் ட்ரம் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும். லாரியில் வரும்போது ஆடி உடையாமல் இருக்க, பின்பக்கமாக மூன்று நான்கு நீளமான போல்ட்டுகளைப் போட்டு அதை இறுக்கி அனுப்புவார்கள். வீட்டில் வைத்ததும் முதல் வேலை அதைக் கழற்றுவது. கழற்றாமல் ஓட்டினால் ட்ரம்முக்கு ஆட இடமிருக்காது. அந்த அதிர்வு முழுக்க மெஷினின் உடலுக்கும் பேரிங்குக்கும் போகும்.

டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தது ஒரே வரி: பொருத்தியதில் தவறு, தயாரிப்புக் குறை இல்லை, வாரண்டியில் சேராது. கடைக்குப் போனால் அங்கே வேறு பதில். "மெஷின்ல எதுன்னாலும் கம்பெனிதான் சார். வாரண்டி கார்டு அவங்க குடுத்தது, நாங்க குடுத்தது இல்ல."

கம்பெனி சொன்னது சரி. கடை சொன்னது தவறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை. "கேரண்டி உள்ளதை வாங்கட்டுமா, வாரண்டி உள்ளதையா? கடையில் கேட்பதா, கம்பெனியில் கேட்பதா?" என்று குழம்பி நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

## முதலில், எதை வைத்து ஒப்பிடுவது

பேச்சுவழக்கில் கேரண்டி என்றால் மாற்றிக் கொடுப்பார்கள், வாரண்டி என்றால் சரிசெய்து கொடுப்பார்கள் என்று வைத்திருக்கிறோம். கடைக்காரர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் இந்தப் பிரிவினை எந்தச் சட்டத்திலும் இந்த வடிவில் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் (1872) கேரண்டி என்றால் கடனுக்கு மூன்றாம் ஆள் போடும் ஜாமீன். மிக்சிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பிரிட்டனில் இலவசமாகத் தயாரிப்பாளர் தருவது கேரண்டி, காசு கொடுத்துத் தனியாக வாங்குவது வாரண்டி என்பது பொதுவான வழக்கு. ஆஸ்திரேலியாவிலும் மலேசியாவிலும் நுகர்வோர் சட்டமே வாங்குபவருக்குத் தரும் உரிமைக்கு கேரண்டி என்று பெயர். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, எழுதிக் கொடுக்கும் வாரண்டியையே 'முழு', 'வரையறுக்கப்பட்ட' என இரண்டாகப் பிரிக்கிறது.

ஆக, பெட்டியின் மேல் எந்தச் சொல் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் பார்ப்பது நான்கு விஷயம்:

1. வாக்குக் கொடுத்தது யார்: தயாரித்தவரா, விற்றவரா, மூன்றாவது ஒரு நிறுவனமா?
2. என்ன கிடைக்கும்: புதுப் பொருளா, உதிரிபாகமா, பழுதுபார்ப்பா, பணமா?
3. கூலி, போக்குவரத்து, வந்து பார்க்கும் கட்டணம் யார் தலையில்?
4. எந்தக் காரணத்தால் கெட்டால் பொறுப்பு, எதனால் கெட்டால் கைவிரிப்பு?

நாலாவதைத்தான் யாரும் படிப்பதில்லை. அக்காவுக்கு இடித்ததும் அதுதான்.

| | மாற்றிக் கொடுக்கும் வாக்கு (கேரண்டி) | சரிசெய்து கொடுக்கும் வாக்கு (வாரண்டி) | கடையின் சட்டப் பொறுப்பு | காசு கொடுத்து வாங்கும் கூடுதல் வாரண்டி |
|---|---|---|---|---|
| பொறுப்பாளி | தயாரிப்பாளர், சில சமயம் கடை | தயாரிப்பாளர் | விற்ற கடை | பெரும்பாலும் மூன்றாவது நிறுவனம் |
| கிடைப்பது | அதே போன்ற வேறு பொருள் | பழுதுபார்ப்பு, பாகம் | பழுதுபார்ப்பு, மாற்று அல்லது பணம் | பழுதுபார்ப்பு, உச்சவரம்போடு |
| மறைந்திருக்கும் செலவு | மீதிக் காலம்தான் தொடரும் | கூலி, வருகைக் கட்டணம் | அலைச்சல், காலம் | முதல் வருடம் வீண், தேய்மானக் கழிவு |
| கைவிரிக்கும் இடம் | உடைசல், தவறான பயன்பாடு | பொருத்தியதில் தவறு, மின்னழுத்தம், பூச்சி | வாங்கிய பின் நாமே கெடுத்தது | அட்டையில் விலக்கிய எல்லாம் |

## மாற்றிக் கொடுக்கும் வாக்கு

சின்ன, பிரிக்க முடியாத பொருளுக்கு இதுதான் சரி. எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி. பழுதுபார்க்கும் கூலியே பொருளின் விலையைத் தொட்டுவிடும் என்பதால் தயாரிப்பாளருக்கும் மாற்றிக் கொடுப்பதுதான் லாபம்.

இதில் பேட்டரியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். '24+24 மாதம்' மாதிரி அச்சடித்திருப்பார்கள். பார்த்தால் நாலு வருடம் கேரண்டி போலத் தோன்றும். முதல் 24 மாதம்தான் இலவசமாக மாற்றித் தருவது. அடுத்த 24 மாதத்தில் புதுப் பேட்டரி வாங்கும்போது விலையில் ஒரு கழிவு, அவ்வளவுதான். அந்தக் கழிவும் மாதம் கூடக் கூடக் குறையும். அது எந்த விலையிலிருந்து என்று பாருங்கள். அச்சிட்ட விலை 100, சந்தையில் எல்லோருக்கும் கிடைக்கும் விலை 75 என்று வைத்துக்கொள்வோம். அட்டைப்படி உங்களுக்கு 30 சதவீதம் கழிவு. அச்சிட்ட விலையில் கழித்தால் நீங்கள் கொடுப்பது 70. கேரண்டியே இல்லாதவர் கொடுப்பது 75. நாலு வருட வாக்கின் பின்பாதி மதிப்பு வெறும் 5. பழைய பேட்டரியையும் அவர்களே எடுத்துக்கொண்டால் அதைத் தனியாகப் போட்டுக் கிடைத்திருக்கும் காசும் போகும், கணக்கு நஷ்டத்தில்கூட முடியலாம்.

இன்னொன்று: மாற்றிக் கொடுத்த பொருளுக்குக் காலம் புதிதாகத் தொடங்குவதில்லை. 20-ஆம் மாதம் மாற்றினால், பெரும்பாலான அட்டைகளின்படி புதியதற்கு மிச்சம் 4 மாதம்தான்.

## சரிசெய்து கொடுக்கும் வாக்கு

ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், டிவி எல்லாம் இந்த ரகம். பல பாகங்கள் சேர்ந்த பெரிய பொருளில் ஒரு பாகத்தை மாற்றினால் போதும் என்பதால் இது நியாயமான ஏற்பாடுதான். குறை சொல்ல வேண்டியது இதை விளம்பரம் செய்யும் விதத்தை.

மெஷினின் நெற்றியில் '10 வருட வாரண்டி' என்று ஸ்டிக்கர் இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் 'மோட்டாருக்கு' என்று இருக்கும். முழு மெஷினுக்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோதான். மோட்டார் என்றால் மோட்டார் மட்டும். அதை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு, பெல்ட், பேரிங், தண்ணீர் விடும் வால்வு, வடிக்கும் பம்ப் எதுவும் அதில் கிடையாது. இன்றைய மெஷின்களில் மோட்டாரை விட முந்திப் போவது பெரும்பாலும் இந்த மற்றவைதான். சீக்கிரம் கெடாத பாகத்துக்கு நீண்ட வாக்குக் கொடுப்பதில் கம்பெனிக்குச் செலவு குறைவு என்பதை மறக்க வேண்டாம்.

ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் இதைவிட நல்ல உதாரணம். ஐந்தாவது வருடம் கம்ப்ரஸர் போகிறது, வாரண்டி இருக்கிறது, பாகம் இலவசம். ஆனால் கம்ப்ரஸரை மாற்றக் குழாயை அறுத்து ஒட்ட வேண்டும், வடிகட்டியை மாற்ற வேண்டும், உள்ளே உள்ள காற்றை இழுத்துவிட்டுப் புதிதாக கேஸ் அடைக்க வேண்டும். பல அட்டைகளில் கூலியும் கேஸும் வண்டிச் செலவும் வாடிக்கையாளர் பொறுப்பு. பாகம் இலவசம் என்று நிம்மதியாக இருந்தவர் கையில் ஒரு கணிசமான பில் வரும். வாங்கும்போதே "கம்ப்ரஸர் மாத்தினா கேஸ், கூலி யாரு தருவா?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

வாரண்டி எந்த நாளிலிருந்து என்பதும் முக்கியம். பொருத்திய நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து என்றுதான் பெரும்பாலும் இருக்கும். புது வீட்டுக்கு ஆறு மாதம் முன்னால் தள்ளுபடியில் ஏசி வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால், அரை வருட வாரண்டி பெட்டிக்குள்ளேயே கரைந்துவிட்டது.

## கடையின் பொறுப்பு

பலருக்கும் தெரியாத கதவு இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வாரண்டி என்பது தயாரிப்பாளர் தானாகக் கொடுக்கும் வாக்கு. அதைக் கொடுக்காமலும் இருக்கலாம், நிபந்தனை போடலாம். கடையின் பொறுப்பு அப்படியில்லை. நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு, பில் போட்டது கடை, விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் கடைக்கும் இடையில். நல்ல நிலையில், சொன்ன வேலையைச் செய்யும் பொருளைக் கொடுக்க வேண்டிய கடமை விற்றவருடையது. அட்டையில் அது எழுதியிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நாட்டுக்கு நாடு இதன் அளவு மாறும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். அதன்பின் பழுதுபார்க்கவோ மாற்றவோ கடைக்கு ஒரு வாய்ப்பு. அதிலும் சரியாகாவிட்டால் விலைக் குறைப்பு அல்லது பணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவருக்கு இரண்டு வருடப் பொறுப்பு உண்டு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுத்த அன்றே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது கடைக்காரர்கள் பலருக்கே தெரியாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 'நியாயமற்ற வணிக நடைமுறை'. பில் கொடுக்க மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதால் மட்டும் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு போய்விடாது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யலாம். நிறைய விவகாரம் அதோடு முடிந்துவிடும்.

கடை எதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறம் பிடிக்கவில்லை, வேறு கடையில் விலை குறைவு என்றால் நேரில் போய் வாங்கிய பொருளைத் திரும்ப எடுக்கச் சட்டம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. எடுத்துக்கொண்டால் அது கடையின் பெருந்தன்மை. அதே போல, குறையை நமக்குச் சொல்லிவிட்டு விலை குறைத்து விற்றிருந்தால், அந்தக் குறைக்காகப் பின்னால் சண்டை போட முடியாது.

கடையின் வழியில் உள்ள செலவு அலைச்சல். கம்பெனி என்றால் ஒரு போன், ஆள் வீட்டுக்கு வருவார். கடை என்றால் கடிதம், காத்திருப்பு, சில சமயம் ஆணையம். அதனால் சின்னப் பழுதுக்கு நானே கம்பெனியைத்தான் கூப்பிடுவேன். ஆனால் மூன்று நிலைமையில் கடைதான் சிறந்த வழி: பொருள் வந்த சில நாளிலேயே கெட்டது, கடை ஆளே பொருத்தியது, அல்லது அதிகாரபூர்வ இறக்குமதி இல்லாத, உள்ளூரில் கம்பெனி வாரண்டியே செல்லாத பொருள்.

## காசு கொடுத்து வாங்கும் கூடுதல் வாரண்டி

பில் போடும் இடத்தில், பணப்பையைத் திறந்த கையோடு விற்கப்படும் பொருள் இது. இரண்டு வருடத் திட்டம் என்றால், அது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகா அல்லது வாங்கிய நாளிலிருந்தா என்று முதலில் கேளுங்கள். வாங்கிய நாளிலிருந்து என்றால் முதல் வருடம் ஏற்கெனவே இலவசமாக இருப்பதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். பொறுப்பேற்பது தயாரிப்பாளர் இல்லையென்றால், தேய்மானம் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே ஒரு பாகம் கெட்டால் பொருளே போச்சு என்ற நிலை உள்ளவற்றுக்கு இது பொருந்தும். பெரிய டிவியின் பேனல், இன்வெர்ட்டர் ஏசியின் போர்டு மாதிரி. மின்விசிறிக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் வாங்குவது வீண் என்பது என் அபிப்பிராயம்.

## அக்காவின் மெஷினுக்குத் திரும்புவோம்

நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மாற்றித் தரும் வாக்கு அட்டையில் இல்லை. கம்பெனி வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும், போல்ட் கழற்றாதது தயாரிப்புக் குறை ஆகாது. கூடுதல் வாரண்டி வாங்கவில்லை. மிச்சம் கடை.

கடைக்கு எதிராக இருந்த ஒரே ஆதாரம் பில்லில் ஒரு வரி: 'டெலிவரி, இன்ஸ்டலேஷன் இலவசம்'. மெஷினைக் கொண்டுவந்து, குழாய் மாட்டி, தண்ணீர் விட்டுக் காட்டிவிட்டுப் போனது கடையின் ஆட்கள். விற்பனையோடு சேர்த்து விற்றவரே பொருத்திக் கொடுத்தால், தவறாகப் பொருத்தியதும் பொருளின் குறையாகவே கருதப்படும் என்று பிரிட்டன், ஐரோப்பியச் சட்டங்கள் நேராகவே சொல்கின்றன. இந்தியாவில் அதைக் கடை செய்த சேவையின் குறைபாடு என்று கேட்கலாம். இலவசம் என்று போட்டதால் பொறுப்பு போய்விடாது, பொருளின் விலையில்தான் அதுவும் அடக்கம்.

அக்காவுக்குச் சண்டை பிடிக்காது. "விடுடா, நம்ம ஓட்டினது தப்புதானே" என்றாள். அவளே மெஷினைப் பொருத்தியிருந்தால் நானும் விட்டிருப்பேன். அப்படியென்றால் எந்தக் கதவும் கிடையாது, பேரிங் செலவு முழுக்க அவள் கையிலிருந்துதான்.

செய்தது இவ்வளவுதான். போல்ட்டைக் கழற்றச் சொல்லவில்லை, அது இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்தோம். வரிசை எண் ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி இன்னொன்று. டெக்னீஷியனின் ஜாப் ஷீட்டை நகல் எடுத்தோம். கம்பெனி மறுத்த அந்தச் சீட்டுதான் இங்கே நமக்குச் சாட்சி, ஏனென்றால் பொருத்தியதில் தவறு என்று கம்பெனியே எழுதிக் கொடுத்துவிட்டது. 21-ஆம் நாள் கடைக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் போனது: வாங்கிய தேதி, பில் எண், பொருத்தியது யார், ஜாப் ஷீட்டில் என்ன இருக்கிறது, என்ன கேட்கிறோம், எத்தனை நாளுக்குள். கேட்டது வேறு மெஷின், இல்லையென்றால் பணம். 'தகுந்த நடவடிக்கை' என்று பொதுவாக எழுதியிருந்தால் பழுதுபார்ப்போடு முடித்திருப்பார்கள்.

முதல் பதில், "பேரிங் மாத்தித் தர்றோம்" என்று வந்தது. 19 நாளே ஓடிய மெஷினின் ட்ரம்மைப் பிரித்து மாட்டுவதில் அக்காவுக்குச் சம்மதமில்லை. அதையும் எழுத்திலேயே சொன்னோம், போனில் பேசவில்லை. போனில் கடை மேலாளர் ரொம்பத் தன்மையாகப் பேசுவார், அடுத்த வாரம் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்பார். எட்டு நாள் கழித்து வேறு மெஷின் வந்தது. இந்த முறை ஆட்கள் கிளம்பும் முன் அக்கா பின்பக்கம் போய் நின்று, கழற்றிய நாலு போல்ட்டையும் கையில் வாங்கி, ஒரு கவரில் போட்டு, பில்லோடு சேர்த்துப் பீரோவில் வைத்தாள். வீடு மாறும்போது அதே போல்ட்டுகள் மறுபடியும் தேவைப்படும்.